ஏச ஆளில்லாத ஊர்

பிரகாசிக்கு வேலை, ஏசுவது. காலையில் குளிர் சட்டையை மாட்டி, பனியில் வழுக்காமல் டிராம் ஏறி, அலுவலகத்தில் கை கழுவி, கண்ணாடி போட்ட அறையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத மனிதர்களைத் தமிழில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவாள். அதற்கு அந்த வடதேசத்து அரசாங்கம் சம்பளமும் ஓய்வூதியமும் தருகிறது. அவள் அம்மா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால், தான் சும்மா ஏசியதற்கெல்லாம் காசு வாங்கியிருக்கலாமே என்று வயிறெரிந்திருப்பாள்.

இப்படி ஒரு வேலை உண்டானதற்குக் காரணம் மொழி வில்லை. அரிசி மணி அளவு இருக்கும். காதுக்குப் பின்னால் தோலைக் கீறி வைத்துவிட்டால் ஒரு மாதத்தில் கரைந்துபோகும். போகும்போது ஒரு முழு மொழியை மூளையில் விட்டுவிட்டுப் போகும். இலக்கணம், உச்சரிப்பு, வட்டார வழக்கு, கிண்டல், எல்லாம் வந்துவிடும். தெற்குக் கடற்கரையைக் கடல் விழுங்கிய பிறகு, அந்தக் கரைத் தமிழருக்கென்று வடதேசம் குடியிருக்க இடம் ஒதுக்கியது. ஒதுக்கிய மறுவருடமே உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து, சுத்தமான தூத்துக்குடித் தமிழில், வீட்டைக் கடல் கொண்டுபோன கதையைக் கண்ணீரோடு சொல்லத் தொடங்கினார்கள். பேச்சை வைத்து யார் அசல், யார் வில்லை என்று சொல்ல முடியவில்லை. கரைந்துபோன வில்லையை எந்த ஸ்கேன் படத்திலும் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் உடம்புதான் காட்டிக்கொடுத்தது. தாய்மொழியில் கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் விரல் நுனி வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத வியர்வை. விரலில் இரண்டு கவ்விகளை மாட்டி மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தினால், வார்த்தை விழுந்த ஒன்றிரண்டு நொடிக்குள் திரையில் கோடு துள்ளும். கற்றுக்கொண்ட மொழியில் அதே வார்த்தையின் அர்த்தம் நன்றாகப் புரியும், முகம்கூடச் சுளிக்கும், ஆனால் கோடு அவ்வளவாக அசையாது. வில்லைக்காரர்களுக்குச் சுத்தமாக அசையாது. இதை வைத்துத்தான் சோதனை.

ஏசுகிறவளின் விரலிலும் கவ்வி உண்டு. சோதிக்கிறவர் யாருக்காவது சாதகமாக உணர்ச்சிவசப்படுகிறாரா என்று பார்க்க வைத்த ஏற்பாடு. பிரகாசியின் கோடு வேலைக்குச் சேர்ந்த புதிதில் துள்ளிக் குதித்தது. சொல்லவே வாய் கூசியது. சொல்லிவிட்டு மனதுக்குள் சிலுவை போட்டுக்கொள்வாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்து, இப்போது அந்த வார்த்தைகளும் வாழைப்பழம், ஜன்னல், மேசை என்கிற வார்த்தைகளும் அவளுக்கு ஒன்றுதான். வருடக்கணக்காக அவள் கோடு படுத்தே கிடக்கிறது.

இதில் அவளுக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஊரில் அவளை ஏச ஒருவரும் இல்லை. திருப்பி ஏசக்கூடாது என்பது வந்தவர்களுக்கு விதி; தேறியவர்களை வேறு ஊர்களில் குடிவைத்துவிடுவார்கள். அவள் கணவன் அந்த ஊர்க்காரன், பிரிந்து போய்விட்டான். போன அன்று அடுப்படியில் நின்று அவன் பாஷையில் அவளை என்னவெல்லாமோ சொன்னான். கேட்கக் கூசுகிற வார்த்தைகள். அவள் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சுடவில்லை. நீ கல், இதுகூட உனக்கு உறைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவன் அழுதான். தான் தைரியசாலி என்று அன்று நினைத்துக்கொண்டாள். பிறகு யோசித்தபோது, அவன் அன்பாகச் சொன்னதும் இப்படித்தான் மேலோடு போயிருக்கிறது என்று தெரிந்தது.

மகள் இங்கா அதே ஊரில் வேறு வீட்டில் இருந்தாள். போன கிறிஸ்துமசுக்கு அம்மாவை மகிழ்விக்க ஒரு காரியம் செய்தாள்: கடற்கரைத் தமிழ் வில்லை வைத்துக்கொண்டு வந்து, “என்னம்மா, சொகமா இருக்கீயளா?” என்று கேட்டாள். பிரகாசி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று இங்கா நினைத்தாள். பாதி அதுதான். மீதி, மகள் தமிழில் பேசும்போது ஆளில்லாத வீட்டில் ரேடியோ பாடுகிறாற்போல இருந்ததற்காக.

தொம்மை வந்தது பனி கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில். நாற்பது வயதைத் தாண்டாத ஆள், இரண்டு கையிலும் கத்தி வெட்டுத் தழும்பு. வெள்ளிமணலில் பிறந்ததாகச் சொன்னான். பிரகாசியின் ஊரிலிருந்து கரையோடு நடந்தால் வந்துவிடுகிற ஊர். இப்போது இரண்டுமே தண்ணீருக்குள் இருக்கின்றன. ஆறு வயதில் அப்பாவைக் கடல் கொண்டுபோனதும், ஒரு தூரத்து உறவுக்காரன் அவனை மேற்குக் கரையில் மீன் வெட்டும் ஆலைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டானாம். அங்கே எல்லோருக்கும் இந்திதான். ஆலையும் முழுகிய பிறகு மிதவை முகாமில் கரைத் தமிழரோடு இருந்திருக்கிறான். இங்கே தோற்றால் மறுபடி அந்த மிதவைதான். அங்கே குடிதண்ணீரை முறை வைத்துத்தான் ஊற்றுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். தமிழ் அவனுக்கு நன்றாகவே வந்தது. ஆனால் தமிழ் நன்றாக வருவதுதான் இந்தக் காலத்தில் சந்தேகத்துக்கு முதல் காரணம்.

பிரகாசி அவன் விரலில் கவ்வி மாட்டினாள். முதலில் சாதுவான வார்த்தைகள், நடுநடுவே கெட்டவை. தாயை இழுப்பது, பிறப்பை இழுப்பது, உறுப்புகளைச் சொல்வது என்று வரிசையாகப் போனாள். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். கோடு குனிந்த மாதிரியும் தெரியவில்லை, நிமிர்ந்த மாதிரியும் தெரியவில்லை. அடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இந்தி. அதற்கு ஒலிப்பதிவு உண்டு. முதல் வார்த்தை விழுந்ததுமே கோடு திரையின் உச்சிக்குப் போய் முட்டியது. இரண்டாவது வார்த்தைக்கு அவன் தோள் தானாகவே சுருங்கிற்று.

கணக்குக்கு அது போதும். தாய்மொழி இந்தி, தமிழ் வில்லையில் வந்தது என்று இயந்திரம் எழுதிக்கொண்டது.

முடிவு அவனுக்குத் தெரியும். முகாமில் எல்லோருக்கும் இந்தத் துள்ளல் கதை தெரிந்திருந்தது. அவன் சண்டை போடவில்லை. தழும்புக் கைகளைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் பொய் சொல்லலை. பொறவு ஏன் என் ஒடம்பு பொய் சொல்லுது?” என்று கேட்டான்.

விதிப்படி பதில் சொல்லக்கூடாது. பிரகாசி ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்கு டீ ஊற்றினாள், அதுவும் கூடாதுதான்.

“ஒடம்பு பொய் சொல்லலை தம்பி,” என்றாள். “கெட்ட வார்த்தையில காரம் கெடயாது. சின்னப்புள்ளயில அதக் கேக்குறப்ப, கூடவே ஒரு அடி விழும். இல்லாட்டா அம்மா மொகம் மாறும், வீடே அமந்து போகும். எழுத்துக்கூட்டத் தெரியுறதுக்கு முன்னாலயே அந்தச் சத்தமும் பயமும் ஒண்ணா முடிஞ்சிரும். மண்டைக்குள்ள பயத்த வச்சிருக்குத இடம்னு ஒண்ணு இருக்காம், முடிச்சு அங்கன கெடக்கும். அப்பொறம் அர்த்தம் புரியுததுக்கு முந்தியே ஒடம்பு துள்ளிரும். வளந்தபொறவு படிச்ச பாசையில அது கெடயாது. வார்த்த இருக்கும், அர்த்தம் இருக்கும், முடிச்சு இருக்காது.”

தன் மாமாவைப் பற்றியும் சொன்னாள். பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு அடியோடு போய்விட்டது. ஒரே ஒரு கெட்ட வார்த்தை மட்டும் மிஞ்சியது. பேச்சு மூளையின் ஒரு பக்கத்தில் இருக்கிறது, வாயிலிருந்து தானாக வந்து விழுகிற வசவு வேறு எங்கோ ஆழத்தில் இருக்கிறது என்று வைத்தியர் சொன்னாராம். மாமா அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டே தண்ணீர் கேட்டார், காப்பி கேட்டார், பங்குச் சாமியாரையும் வரவேற்றார். தொம்மை சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும், ஆலையில் மேஸ்திரி அந்த இந்தி வார்த்தைகளைச் சொல்லித்தான் முதுகில் அடிப்பான் என்றான். வார்த்தை முதலில் வரும், பெல்ட் பின்னால் வரும் என்றான்.

பிரகாசிக்கு அப்போதுதான் விளங்கிற்று. இவனை அடித்த மொழி இந்தி. சோதனை தேடுவதோ பெற்றவளின் மொழியை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதால், கணக்கு இதுவரை ஓடிவிட்டது. கெட்ட வார்த்தை கெட்டது என்று தெரிகிற வயதுக்கு முன்பே இவன் ஊரைவிட்டுப் போயிருக்கிறான்.

“ஒங்கம்மா ஏசவே மாட்டாங்களா?”

“மூதின்னுவா, சவமேன்னுவா. அது ஏச்சா? சோறு போடயிலயும் அப்படித்தான் கூப்பிடுவா.”

“கோவமே வராதா?”

“வரும்,” என்றான். “கோவம் வந்தா மரியாதையா…” வாக்கியத்தை முடிக்கவில்லை. மேசைமேல் இருந்த இடது கையை மட்டும் மெல்ல எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டான்.

பிரகாசிக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவள் அம்மாவும் அப்படித்தான். அந்தக் கரையில் நாள் முழுக்க வாய் ஓயாது. மூதி, சவம், கரிமுடிவான் என்று பிள்ளைகளை வாரித் தெளிப்பார்கள், ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. நிஜமான கோபம் வரும்போதுதான் வசவு நிற்கும். ஞானஸ்நானத்தில் வைத்த முழுப்பெயரும், வாங்க போங்கவும் வரும், பின்னாலேயே அடியும் வரும். அதைக் கேட்டால் அந்தக் கரையில் எந்தப் பிள்ளைக்கும் பயத்தில் கால் தரையில் நிற்காது. வசவுப் பட்டியலைத் தயாரித்தவர்கள் உள்நாட்டு நகரத்துப் பேராசிரியர்கள். மரியாதையை அதில் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

கவ்விகளை மறுபடி இருவர் விரலிலும் மாட்டினாள். அவன் ஞானஸ்நானப் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வாழைப்பழம், ஜன்னல் என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அம்மா சொல்கிற அதே நிதானத்தில் சொன்னாள்:

“வாங்க, தொம்மை மிக்கேல் பர்னாந்து. எங்க போயிட்டு வாரீய? இருங்க. சோறு வைக்கேன்.”

இரண்டு கோடுகளும் ஒன்றாக எழும்பின. தொம்மையின் வாய் திறந்தபடி இருந்தது. நாற்பதை நெருங்கிய மனிதன் கண்ணில் ஆறு வயதுப் பயம். பிரகாசிக்குத் தன் கோட்டைப் பார்க்கத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. செத்துவிட்டது என்று நினைத்திருந்தாள். அதற்குள் அவன் விசும்பத் தொடங்கிவிட்டான். அவளும் மேசைக்கு இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஊருக்கு வந்தபிறகு, இன்னொரு ஆளோடு ஒரே அறையில் இருக்கிறோம் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

எய்னார் அவளுடைய மேலதிகாரி. நல்ல மனிதர், ஆனால் விதியைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார். இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். அவர் பாஷையில் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். “பட்டியலில் இல்லாத வாக்கியம். அவன் பயந்தது உங்கள் குரலுக்காக இருக்கலாம். தன் முழுப்பெயரைக் கேட்டால் யாருக்கும் துள்ளும். வில்லை வைத்தவருக்கு இது துள்ளாது என்று எப்படித் தெரியும்?”

“சோதித்துப் பாருங்கள்,” என்றாள் பிரகாசி.

“யாரை வைத்து? கடற்கரைத் தமிழ் வில்லை வைத்திருப்பதாக ஒப்புக்கொள்கிற ஆள் வேண்டும். அந்த ஆளை அவருடைய முழுப்பெயரைச் சொல்லி, நீங்களே இதே குரலில் கூப்பிட வேண்டும். அப்போதும் கோடு அசையாவிட்டால்தான், அசைய வைத்தது பெயரோ குரலோ அல்ல, சிறுவயதில் போட்ட முடிச்சு என்று நான் மேலே எழுத முடியும்.” பிறகு தணிந்த குரலில், “அப்படி ஒருவர் எங்கே கிடைப்பார்?” என்றார்.

அவளுக்குத் தெரியும், எங்கே என்று.  அதைச் சொல்லுமுன் வேறொன்றைக் கேட்டாள்: சின்ன வயதில் ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரை இதே அறையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறோம்?  எய்னார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர்களை ஏசி அனுப்பியது அவள் வாய்தான். பிறகுதான், “என் மகள் அந்த வில்லையை வைத்திருக்கிறாள்,” என்றாள்.

இங்கா மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா தன்னிடம் ஒரு உதவி கேட்பது அவளுக்கு அதிசயம். தலைமுடியைக்கூட அழகாகப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும். நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டி, “வலிக்குமாம்மா?” என்று கேட்டாள்.

“வலிக்காது,” என்றாள் பிரகாசி. வலித்துவிட வேண்டுமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. துள்ளக்கூடாது, துள்ளினால் தொம்மை மிதவைக்குப் போவான். ஆனால் ஒரு அங்குலமாவது, ஒரு நூலளவாவது துள்ளாதா என்றும் இருந்தது. பெற்றவளுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

முதலில் எய்னார், இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஊர்ப் பாஷையில் ஆரம்பித்தார். அங்கே சின்னப் பிள்ளைகளை அதட்டுகிற வாக்கியம் ஒன்று, வெட்கமாயில்லையா உனக்கு என்கிற மாதிரி. அந்நிய மனிதர் சொன்ன அந்த வரிக்கு இங்காவின் கோடு சடாரென்று எழுந்தது. அவளே சிரித்துவிட்டு, பாலர் பள்ளி ஆசிரியை ஞாபகம் வந்துவிட்டது என்றாள்.

பிரகாசிக்கு அந்த வரி நன்றாகத் தெரியும். இங்கா சின்னவளாக இருக்கும்போது அவளும் அதைச் சொல்லி அதட்டியிருக்கிறாள், புத்தகத்தில் படித்த மொழியில், புத்தகத்தில் படித்த மாதிரியே. குழந்தை நிமிர்ந்துகூடப் பார்க்காது. சாதுப் பிள்ளை, அடம் இல்லை என்று அப்போது நினைத்தாள். தன் கோபத்தில் சூடு இல்லை என்று அப்போது யார் சொன்னார்கள்?

எய்னார் தலையசைத்தார். பிரகாசி தன் விரலிலும் கவ்வியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். வாழைப்பழம், மேசை, ஜன்னல். அவள் நெஞ்சுக்குள் எத்தனையோ இருந்தது. திருநாளுக்கு வராத கோபம், ஃபோன் எடுக்காத கோபம், பெற்ற பிள்ளையிடம் வாய்விட்டுச் சண்டை போட ஒரு மொழி இல்லாமல் போன கோபம். எல்லாவற்றையும் தன் அம்மாவின் குரலில் போட்டுத் தமிழில் சொன்னாள். அந்தக் குரலில் அவள் மகளோடு பேசியதே இல்லை.

“வாங்க, இங்கா மரியபுஷ்பம். எங்க போயிட்டு வாரீய? இருங்க. சோறு வைக்கேன்.”

இங்காவின் கோடு அசையவில்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அவள் முகம் மட்டும் மலர்ந்தது. “எம்புட்டு மரியாதையா கூப்புடுதீய! இப்படி நீங்க என்னக் கூப்பிட்டதே இல்லையேம்மா. கேக்கவே நல்லாருக்கு,” என்றாள். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

எய்னார் மூச்சை விட்டார். இது போதும் என்றார். அந்த மனிதரைத் தங்க வைத்துக்கொள்ளலாம், பழைய வழக்குகளையும் திறக்கச் சொல்லி இன்றே எழுதுகிறேன் என்றார். பிரகாசி நன்றி சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. தொம்மைக்கு இனி தண்ணீர் முறை வைத்து வராது. சோதித்தவளும் சோதிக்கப்பட்டவனும் பின்னால் சந்திக்கக்கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருந்தது. அவன் எந்த ஊரில் குடியேறுவான் என்பதைக்கூட அவளுக்குச் சொல்லமாட்டார்கள்.

“நான் சரியா செஞ்சேனாம்மா?” என்று இங்கா கேட்டாள்.

மகளிடம் விளக்கிச் சொல்லலாம். இங்கா கெட்டிக்காரி, புரிந்துகொள்வாள், வருத்தம்கூடப் படுவாள். ஆனால் விளக்கிச் சொன்ன ஏச்சு யாருக்கு உறைத்திருக்கிறது? பிரகாசி மகளின் பின்னலை ஒதுக்கிவிட்டு, “நல்லா செஞ்ச, மூதி,” என்றாள். இங்கா அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒரு கணம் யோசித்தாள். வில்லை கொடுத்த அர்த்தம் அவ்வளவு நல்லதாக இல்லை போலிருக்கிறது. அம்மா ஏதோ வேலைக் களைப்பில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

எய்னார் திரையை அணைக்கக் கையை நீட்டி, நிறுத்திக்கொண்டார். அதில் இரண்டாவது கோடு ஒன்று உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது, இன்னும் இறங்கவில்லை.  அவர் பிரகாசியின் விரலிலிருந்து கவ்வியைக் கழற்றி, மேசைமேல் இருந்த துணியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.